பந்து பட்டுத் தொங்கிய விரல் நுனி

உயரத்திலிருந்து இறங்கி வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கக் கையை நீட்டுகிறார் ஒரு கல்லூரி மாணவர். பந்து உள்ளங்கையில் விழாமல் நடுவிரல் நுனியில் நேராக மோதுகிறது. வலித்தாலும் கையை உதறிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறார். இரவு சாப்பிட உட்காரும்போதுதான், நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு கீழே வளைந்து நிற்பதைக் கவனிக்கிறார். இன்னொரு கையால் நிமிர்த்தினால் நேராகிறது. விட்டால் மறுபடி தொங்கிவிடுகிறது.

வீட்டில் இதைச் சுளுக்கு என்பார்கள், தைலம் தேய்த்து நீவிவிடுவார்கள். சாதாரணச் சுளுக்கில் வீக்கமும் வலியும் இருந்தாலும் விரல் நுனியைக் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடியும். இங்கே நிமிர்த்தவே முடியவில்லை. மருத்துவர்கள் ‘மாலெட் ஃபிங்கர்’ என்று சொல்லும் காயம் இது. நீவிவிட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

விரலின் மேற்புறமாக ஓடி, கடைசி எலும்பின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தசைநாண் ஒன்று உண்டு. நுனியை நிமிர்த்துவது அதன் வேலை. நீட்டி வைத்த விரலைப் பந்து சட்டென்று மடக்கும்போது, அந்த நாண் ஒட்டிய இடத்தருகே அறுந்துபோகிறது. சிலருக்கு எலும்பில் ஒரு சில்லையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். பெயர்ந்த சில்லு மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலோ, மூட்டு விலகியிருந்தாலோ, தோல் கிழிந்திருந்தாலோ அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்பிளின்ட் போதும்.

நம் மாணவருக்கு எலும்பில் ஒன்றும் இல்லை, நாண்தான் அறுந்திருக்கிறது. கடைசி மூட்டை மட்டும் நேராகப் பிடித்துக்கொள்ளும் சிறு பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிவிடுகிறார் மருத்துவர். நடு மூட்டு வெளியே இருக்கும். அது இறுகிப்போகாமல் இருக்க அதை அவ்வப்போது மடக்கி நீட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம், இரவும் பகலும் உறை விரலிலேயே இருக்க வேண்டும் என்கிறார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? அறுந்த முனைகள் தையலில்லாமல் சேர வேண்டும். நுனி நேராக இருக்கும்போதுதான் அவை ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். நடுவில் புதுத் திசு மெல்ல மெல்ல வளரும். முதல் சில வாரங்களில் அதற்கு வலுவே கிடையாது. நுனி ஒரு முறை தொங்கினாலும் அந்தத் திசு கிழியும், இல்லையென்றால் இழுபட்டு நீளும். நாண் 1 மில்லிமீட்டர் நீண்டு ஆறினாலே விரல் நுனி சுமார் 25 டிகிரி தொங்கிவிடும்.

மூன்றாவது வாரம் மாணவர் குளிக்கும்போது உறையைக் கழற்றி சோப்புப் போடுகிறார். வலி எப்போதோ போய்விட்டதால் பயமும் இல்லை. விரல் வளைகிறது. விஷயம் தெரிந்ததும் மருத்துவர் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்து தொடங்கச் சொல்கிறார். மூன்று வாரமும் வீண். கண்டிப்பு அதிகம் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆனால் நாணுக்கு இருபது நாள் கணக்கெல்லாம் தெரியாது. தூக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. நம்மை அறியாமல் விரல்களை மடக்கிக்கொள்வோம் என்பதால் இரவில் கழற்றி வைப்பது பகலில் கழற்றுவதைவிட மோசம்.

அதற்காகக் கழற்றவே கூடாது என்றில்லை. உள்ளே ஈரம் தங்கினால் தோல் வெளுத்து ஊறிப் புண்ணாகும். உள்ளங்கை கீழே இருக்கும்படி விரலை மேசைமேல் தட்டையாக வைத்து, உறையை முன்னோக்கி உருவ வேண்டும். துடைத்து உலர்த்தி முடிக்கும் வரை நுனி மேசையை விட்டு எழக்கூடாது. வீட்டில் ஒருவர் நுனியைத் தாங்கிப் பிடித்தால் இன்னும் நல்லது. மறுபடி மாட்டிய பிறகு மூட்டின் மேல் தோல் வெளிறித் தெரிந்தால் விரலை அளவுக்கு மீறிப் பின்னால் வளைத்திருக்கிறோம் என்று பொருள். அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகவும் கூடும். உடனே தளர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

எட்டு வாரம் முடிந்ததும் மருத்துவர் உறையை எடுத்துப் பார்ப்பார். நுனி தானாக நேரே நின்றால், இன்னும் சில வாரம் இரவிலும் விளையாடும்போதும் மட்டும் அணியச் சொல்வார். மடக்கிப் பழகுவதும் மெதுவாகத்தான். இன்னொரு கையால் நுனியை அழுத்தி மடக்கக் கூடாது. தொங்கல் திரும்பத் தெரிந்தால் மறுபடி முழுநேர உறை. எல்லாம் சரியாக நடந்தாலும் பலருக்கு 5 முதல் 10 டிகிரி வளைவும் மூட்டின் மேல் சிறு புடைப்பும் மிஞ்சும். எழுத, பிடிக்க, பந்து வீச அது தடையாவதில்லை.

கவனிக்காமல் விட்டால் தொல்லை நடு மூட்டுக்கும் போகும். நுனியை நிமிர்த்த வேண்டிய இழுவிசை முழுவதும் நடு மூட்டின்மேல் விழ, அது பின்னோக்கி வளையத் தொடங்கும். விரலை மடக்குவதே சிரமமாகும். அடிபட்டுச் சில வாரங்கள் கழிந்துவிட்டாலும் ஸ்பிளின்ட் பலருக்குப் பலன் தருவதால், இப்போது போய் என்ன பயன் என்று இருந்துவிட வேண்டியதில்லை.