கூட்டலில் போன பத்து மதிப்பெண்

சட்டத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மாணவர்கள் பலர் மறுமதிப்பீட்டுக்கு ஓடுகிறார்கள். கூட்டலில்தான் பிழை என்றால் கேட்க வேண்டியது மறுகூட்டல். மறுமதிப்பீட்டில் விடை புதிதாகத் திருத்தப்படும். மதிப்பெண் குறையவும் கூடும். மறுகூட்டலில் போட்ட மதிப்பெண்ணை யாரும் தொடுவதில்லை.

முதலில் விடைத்தாள் நகலை வாங்குங்கள். தேர்வெழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இடமுண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தியவர் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆகவே கடிதம் அவருக்கு அல்ல, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்புக் கட்டத்தில் மூன்று பகுதிகளுக்கு 14, 19, 12 என்று இருக்கிறது. கூடுதல் 35 என்று எழுதியிருக்கிறார்கள். சரியான தொகை 45. உள்ளே ஒவ்வொரு பக்க ஓரத்தையும் பாருங்கள். அங்கே போட்ட மதிப்பெண் முகப்புக்கு ஏறாமல் விட்டுப்போவதும் உண்டு.

கடிதத்தில் வாதம் வேண்டாம் (சட்ட மாணவருக்கு இது கஷ்டம்தான்). பதிவெண், தாள் குறியீடு, தேர்வு நடந்த மாதம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுவிட்டு இப்படி எழுதலாம்: “முகப்பில் உள்ள 14, 19, 12 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 45. ஆனால் 35 எனப் பதிவாகியுள்ளது. சரிபார்த்துத் திருத்திய மதிப்பெண் பட்டியல் வழங்க வேண்டுகிறேன்.” நகலின் முகப்புப் பக்கத்தை இணைத்து, பல்கலைக்கழகம் அறிவித்த கடைசி நாளுக்குள் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.