மூக்கு நுனியில் உடையும் குட்டு

சண்டைக் காட்சியில் மாடியிலிருந்து குதிப்பவர் டூப். திரையில் தெரியும் முகம் ஹீரோவுடையது. முன்பெல்லாம் இதற்கு டூப்பின் முதுகைத்தான் காட்டுவார்கள். இப்போது கணினியில் முகத்தையே மாற்றிவிடுகிறார்கள். கண்ணும் வாயும் தாடையும் அச்சாகப் பொருந்திய பிறகும், சில ஷாட்டுகளைப் பார்க்கும்போது 'என்னமோ ஒட்டல' என்று மனசு சொல்லும். அந்தக் கோளாறு பல சமயம் கண்ணிலோ வாயிலோ இருப்பதில்லை. நெற்றியிலும் மூக்கிலும் இருக்கிறது. கழுத்தில் வியர்வை வழிகிறது, காதோரம் மினுங்குகிறது. நடுவில் இருக்கும் முகம் மட்டும் ஏசி அறையிலிருந்து வந்ததுபோல் உலர்ந்து கிடக்கிறது.

உண்மையில் அது ஏசி அறையிலிருந்து வந்த முகம்தான். முகம் மாற்றும் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க ஹீரோவின் படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை மேக்கப்போடு, மென்மையான வெளிச்சத்தில் எடுத்தவை. டூப் நிற்பதோ உச்சிவெயிலில். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதான் கம்பாசிட்டர் எனப்படும் காட்சி இணைப்பாளரின் வேலை. அதைச் செய்ய, முகத்தில் பளபளப்பு எப்படி வருகிறது என்று அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வெளிச்சங்கள்

தோலில் படும் ஒளி இரண்டு வழியாகக் கேமராவுக்குத் திரும்புகிறது. பெரும்பகுதி தோலுக்குள் புகுந்து, அங்கேயே சிதறி, ரத்தத்தின் சிவப்பையும் மெலனினின் பழுப்பையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. முகத்தின் நிறம் என்று நாம் பார்ப்பது இதைத்தான். நேராக விழும் ஒளியில் சுமார் 3 சதவீதம் மட்டும் உள்ளே போகாமல், தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. பளபளப்பு என்பது இந்தப் பங்குதான்.

3 சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரே திசையில் திரண்டு வருவதால், அந்தத் திசையில் இருக்கும் கேமராவின் கண்ணைக் கூசவைக்கிறது. தோல் வறண்டிருந்தால் அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் இந்த ஒளியைப் பரப்பிவிடும். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால், அங்கே எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பை வழவழப்பாக்குகிறது. பரவிக் கிடந்த ஒளி குறுகிக் கூர்மையாகிறது. நெற்றி அகலமாக, மெல்ல வளைந்திருப்பதால் அங்கே விழுவது ஒரு பட்டை. மூக்கு நுனி சின்ன உருண்டை என்பதால் அங்கே விழுவது ஒரு புள்ளி.

இந்தப் பளபளப்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அதற்குத் தோலின் நிறம் கிடையாது. விளக்கின் நிறம்தான் அதன் நிறம். இரண்டாவது, அது தோலில் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தேய்த்து வைத்த பித்தளைக் குடத்தைச் சுற்றி நடந்தால், அதிலுள்ள வெளிச்சப் பொட்டும் கூடவே நகரும். தலை திரும்பும்போது மூக்கின் மினுக்கமும் அப்படித்தான் தோலின் மேல் வழுக்கிச் செல்கிறது. எண்ணெய் முகத்துக்குச் சொந்தம் என்றாலும், மினுக்கம் அந்த இடத்துக்கும் அந்த வெளிச்சத்துக்கும் சொந்தம். ஆகவே அதை ஹீரோவின் படங்களிலிருந்து எடுக்கக் கூடாது. டூப்பை வைத்து எடுத்த ஷாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நிறம் சேர்ப்பதில் வரும் வினை

முகம் மாற்றியதும் பலரும் முதலில் செய்வது நிறப் பொருத்தம். ரைன்ஹார்டும் அவருடைய கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்ட முறை இன்றும் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. டீப்ஃபேஸ்லேப் மென்பொருளில் `rct` என்று இருக்கும் தேர்வு இதுதான். ஒரு படத்தின் சராசரி நிறத்தையும், நிறம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதையும் கணக்கிட்டு, இன்னொரு படத்தை அதற்கு இணங்க மாற்றிவிடும்.

டூப்பின் நெற்றியில் வெயில் பளீரென்று அடிக்கிறது என்று வையுங்கள். அந்த வெள்ளைத் திட்டும் சராசரியில் சேர்ந்துகொள்ளும். கணக்கு, 'இந்த முகம் இவ்வளவு வெளுப்பு' என்று தவறாக முடிவுகட்டி, ஹீரோவின் கன்னம், தாடை எல்லாவற்றையும் சாம்பல் பூசியதுபோல் வெளுக்க வைத்துவிடும். நெற்றியில் மட்டும் இருக்க வேண்டிய வெளிச்சம் முகம் முழுக்கப் பங்கு போடப்படுகிறது. தலை திரும்பி மினுக்கம் மறைந்ததும் முகம் சட்டென்று கறுக்கும். ஷாட்டை ஓட்டிப் பார்த்தால் முகத்தின் நிறம் விட்டுவிட்டு மாறுவது இதனால்தான். இதற்கு மருந்து, பளபளப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய தோலை மட்டும் வைத்து நிறம் சேர்ப்பது.

கழற்றுவது எப்படி?

உதாரணத்துக்கு ஒரு ஷாட். டூப்பின் நெற்றியில் மினுக்கம் இல்லாத இடத்தின் அளவு சிவப்பு 0.42, பச்சை 0.24, நீலம் 0.16. பக்கத்திலேயே மினுங்கும் இடத்தில் 0.67, 0.49, 0.41. மூன்றிலும் கூடியிருப்பது அதே 0.25. நண்பகல் வெயில் கேமராவுக்கு வெள்ளையாகத் தெரிவதால்தான் மூன்றும் சமமாக ஏறுகின்றன. ஆனால் சிவப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கிறது. நீலமோ இரண்டரை மடங்கு. தோலில் நீலம் இயல்பாகவே குறைவு என்பதால், மேலே வந்து விழும் வெள்ளை அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். அனுபவமுள்ளவர்கள் திரையில் நீல அலைவரிசையை மட்டும் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். எங்கே மினுக்கம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிசிறில்லாமல் காட்டிவிடும்.

இனி வேலை மூன்று படி. டூப்பின் ஷாட்டில் குருணையை நீக்கிவிட்டு, மினுக்கம் இல்லாமல் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அக்கம்பக்கத்துத் தோலை வைத்து ஒரு படம் தயாரிக்க வேண்டும். அசலிலிருந்து இந்தப் படத்தைக் கழித்தால் கிடைப்பது வெறும் பளபளப்பு. கறுப்புப் பின்னணியில் ஒரு நெற்றிப் பட்டையும் மூக்குப் புள்ளியும் மட்டும் மிதக்கும். கடைசியாக, ஹீரோவின் மினுக்கமில்லாத முகத்தைப் பொருத்தி நிறமும் சேர்த்த பிறகு, அந்தப் பளபளப்பை மேலே கூட்ட வேண்டும். நியூக் மென்பொருளில் இது `plus`. கணக்கு முழுவதும் ஒளி அளவு நேர்விகிதத்தில் இருக்கும் லீனியர் நிலையில் நடக்க வேண்டும். டிவிக்கென்று வளைத்த எண்களில் கூட்டினால், ஓரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் கனத்துவிடும்.

மாலை வெயிலில் எடுத்த ஷாட் என்றால் மூன்று அலைவரிசையும் சமமாக ஏறாது. சிவப்பு அதிகமாகவும் நீலம் குறைவாகவும் ஏறும். பளபளப்பைக் கையால் வரைகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மினுக்கம் என்றாலே வெள்ளை என்று நினைத்து, ஆரஞ்சு வெயிலில் வெள்ளைப் பொட்டு வைத்துவிடுவார்கள்.

இன்னொருவர் மூக்கில்

டூப்பின் மூக்கு அகலம், ஹீரோவின் மூக்கு கூர்மை என்றால், எடுத்த மினுக்கத்தை அப்படியே வைக்க முடியாது. அகலத் திட்டு கூர்மையான மூக்குத் தண்டில் உட்கார்ந்தால் மூக்கே சப்பையாகத் தெரியும். வித்தியாசம் கொஞ்சம் என்றால் இழுத்துக் குறுக்கிச் சமாளிக்கலாம். அதிகம் என்றால், ஹீரோவின் தலையை முப்பரிமாண மாடலாக ஷாட்டின் அசைவோடு பொருத்தி, படப்பிடிப்பு இடத்து வெளிச்சத்தை அதன்மேல் விழவைத்து, பளபளப்பை மட்டும் கணினியில் உண்டாக்க வேண்டும். இதற்காகத்தான் ஷாட் முடிந்ததும் அதே இடத்தில் ஒரு பளபள உருண்டையையும் ஒரு சாம்பல் உருண்டையையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சூரியன் எங்கே இருந்தது, தெர்மோகோல் எந்தப் பக்கம் பிடித்தார்கள் என்பதெல்லாம் அந்த உருண்டையில் பதிவாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் நெற்றி மினுக்கம் ஒரே வெள்ளைப் பூச்சாக இருக்காது. தோல் துவாரங்களும் நெற்றிச் சுருக்கங்களும் அதைப் பொடிப்பொடியாக உடைத்திருக்கும். பளபளப்பைப் பிரிக்கும்போது குருணை நீக்கியதில் இந்தப் பொடி போய்விடும். ஹீரோவின் தோலிலிருந்து அந்த நுணுக்கத்தை எடுத்து மினுக்கத்தை மறுபடி உடைக்காவிட்டால் முகம் பிளாஸ்டிக் பொம்மைதான்.

வியர்வை வேறு ஜாதி

எண்ணெய் ஒரு படலம். வியர்வை முத்துமுத்தாக நிற்கும். ஒவ்வொரு துளியும் குட்டி லென்ஸ். மேலே ஊசிமுனை அளவு வெளிச்சம், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஒளி குவிந்து ஒரு வெளிறிய பிறை, ஓரத்தில் மெல்லிய கருமை. முகம் மாற்றும் மென்பொருள்களுக்கு இது கைவராது. பல படங்களைப் பார்த்து, பொதுவாக எது சரியோ அதைத்தான் அவை வரையக் கற்றுக்கொள்கின்றன. ஒரு துளி ஒரு ஃபிரேமில் எந்த இடத்தில் நிற்கும் என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. அதனால் துளிகள் எல்லாம் கரைந்து ஈர மங்கலாகிவிடும்.

மாற்றிய முகத்தின் எல்லை நெற்றியில் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். புருவத்தோடு நிறுத்தினால், மேலே டூப்பின் வியர்த்த நெற்றியும் கீழே ஹீரோவின் உலர்ந்த மூக்கும் ஒரே முகத்தில் இருக்கும். மயிர்க்கோடு வரை கொண்டுபோனால் நெற்றி ஒரே சீராகும். ஆனால் முடியிலிருந்து இறங்கும் துளி எல்லையைத் தாண்டியதும் காணாமல் போகும். ஷாட் தூரமாக இருந்தால் டூப்பின் துளிகளை மினுக்கத்தோடு சேர்த்தே பிரித்தெடுத்துக் கூட்டிவிடலாம். க்ளோசப்பில் அது செல்லாது. துளிக்குள் தெரியும் தோல் இன்னும் டூப்புடையதாகவே இருக்கும். அங்கே துளிகளை ஒவ்வொன்றாக முப்பரிமாணத்தில் செய்து உருட்டிவிடுவது தவிர வழியில்லை.

சோதனையும் எல்லையும்

முடித்த ஷாட்டைச் சோதிக்க, திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைப்பார்கள். தோல் இருளில் போய்விடும், மினுக்கம் மட்டும் நிற்கும். அதே வெயிலில் நிற்கும் கழுத்து, காது, தோளின் மினுக்கத்தோடு மூக்கு நுனி ஒத்துப்போகிறதா என்று அப்போது தெரியும். பிறகு தலை திரும்பும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். பொட்டு வழுக்காமல் மச்சம்போல் ஒட்டிக்கொண்டிருந்தால், ஹீரோவின் பழைய படத்திலிருந்த மினுக்கம் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

செல்போன் வீடியோவில் இந்த வித்தைகள் பாதிதான் பலிக்கும். நெற்றி முழு வெள்ளையாக எரிந்துபோயிருந்தால் கழிப்பதற்கு எண்ணே மிஞ்சியிருக்காது. கோப்பைச் சுருக்கும்போது துளிகளும் போய்விடும். இதே காரணத்தால், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வீடியோவில் மூக்கு மினுங்கவில்லை என்பதை மட்டும் வைத்து அது போலி என்று சொல்லிவிடவும் முடியாது. போனின் அழகூட்டும் ஃபில்டரே மினுக்கத்தைத் துடைத்திருக்கலாம்.

சரியாக வர வேண்டுமானால் வேலை படப்பிடிப்புத் தளத்திலேயே தொடங்க வேண்டும். ஹீரோவின் முகத்தைப் பயிற்சிக்காகப் படம் எடுக்கும்போது பவுடர் போட்டு மினுக்கத்தை அடக்க வேண்டும். டச்சப்காரர் வழக்கமாகச் செய்வதற்கு நேர் எதிராக, டூப் வெயிலில் நிற்கும்போது அவர் முகத்தைத் துடைக்கக் கூடாது. பிறகு கணினியில் கூட்ட வேண்டிய பளபளப்பு முழுவதும் அந்த வியர்வையிலிருந்துதான் கிடைக்கப்போகிறது.