ஆறு அலுமினியம், ஓர் எஃகு: இழுப்பை யார் சுமக்கிறார்கள்?

புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசன வயல்களின் வரப்பில் நடந்தால், தலைக்கு மேலே மூன்று மின்கம்பிகள் கூடவே வரும். பாகூரிலும் வில்லியனூரிலும் உள்ள 230 கிலோவோல்ட் துணை மின் நிலையங்களுக்கு வந்து சேரும் மின்சாரம், படிப்படியாக அழுத்தம் குறைந்து 11 கிலோவோல்ட்டாகி, ஊர் டிரான்ஸ்பார்மர்களுக்குப் போவது இத்தகைய கம்பிகள் வழியாகத்தான். கீழிருந்து பார்த்தால் ஒற்றைக் கம்பி போலத் தெரியும். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஏழு இழைகள். நடுவில் துத்தநாகப் பூச்சிட்ட எஃகு இழை ஒன்று. அதைச் சுற்றி முறுக்கிய அலுமினிய இழைகள் ஆறு.

நம் நாட்டுக் கிராமப்புற 11 கிலோவோல்ட் பாதைகளில் பரவலாகக் காணப்படும் சிறிய கம்பி ஒன்றுக்கு ‘வீசல்’ என்று பெயர். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் விலங்குப் பெயர்கள்தான்: ராபிட், ரக்கூன், பாந்தர். வீசலில் ஏழு இழைகளும் ஒரே பருமன், ஒவ்வொன்றும் 2.59 மில்லிமீட்டர் விட்டம். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் எடை சுமார் 128 கிலோ. அறுந்துபோக ஏறத்தாழ 1,130 கிலோ இழுப்பு வேண்டும்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துகிறது, எஃகு பலத்தைத் தருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை அது. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடையே கம்பியை 270 கிலோ விசையில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 270-இல் எஃகுக்கு எவ்வளவு, அலுமினியத்துக்கு எவ்வளவு?

விசைச் சமநிலையைக் கொண்டு கணக்குப் போட்டால் ஒரு வரிதான் கிடைக்கும்: எஃகின் பங்கும் அலுமினியத்தின் பங்கும் சேர்ந்தால் 270. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. எஃகுக்கு 200, அலுமினியத்துக்கு 70 என்றாலும் அந்த வரி ஒத்துக்கொள்ளும். மாற்றிச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளும். விசைகளை மட்டும் எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. விசைச் சமநிலையால் மட்டும் தீர்க்க முடியாத அமைப்பு என்று பொறியியல் மாணவர்கள் முதன்முதலில் படிப்பது இப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

இரண்டாவது வரியைத் தருவது விசை அல்ல, நீளம். ஏழு இழைகளும் இரு முனையிலும் ஒரே பிடிக்குள் இருக்கின்றன. ஆகவே கம்பி நீளும்போது எஃகு எவ்வளவு நீளுகிறதோ, அதே அளவுதான் அலுமினியமும் நீள முடியும். ஒன்று முந்தவோ மற்றொன்று பிந்தவோ வழியில்லை. நீட்சிகள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும் என்ற இந்த நிபந்தனை சேர்ந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒரே அளவு நீளுவதற்கு எந்தப் பொருளுக்கு அதிக விசை தேவையோ, அது அதிகம் சுமக்கும். ஒரு பொருளின் விறைப்பு அதன் குறுக்குவெட்டுப் பரப்பையும் (A) நெகிழ்ச்சிக் குணகத்தையும் (E) பெருக்கினால் வருவது. சுமையும் அதே விகிதத்தில் பிரியும்:

P₁ / P₂ = A₁E₁ / A₂E₂

வீசலுக்கு இதை மனத்துக்குள்ளேயே போட்டுவிடலாம். அலுமினியத்தின் பரப்பு எஃகைப்போல் ஆறு மடங்கு. எஃகின் நெகிழ்ச்சிக் குணகம் அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு. ஒன்று சுமார் 207, மற்றது சுமார் 69 கிகாபாஸ்கல். ஆறுக்கு மூன்று, அதாவது இரண்டுக்கு ஒன்று. 270 கிலோவில் 180 கிலோவை ஆறு அலுமினிய இழைகள் சேர்ந்து சுமக்கின்றன, இழைக்கு 30 கிலோ. நடுவிலுள்ள ஒற்றை எஃகு 90 கிலோவைத் தனியாகச் சுமக்கிறது. வெறும் மின்கடத்தி என்று நாம் நினைத்த அலுமினியம்தான் அன்றாட இழுப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கி நிற்கிறது. கம்ப இடைவெளி 60 மீட்டர் என்றால் இந்த இழுப்பில் எல்லா இழைகளும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். நடுவில் தொய்வு 21 சென்டிமீட்டர்.

ஆனால் இந்தப் பங்கீடு நிலையானதல்ல. வெயில் ஏறினால் அது மாறிவிடுகிறது. இந்த அமைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான்.

வெப்பம் கூடினால் அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும். பாகைக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு, எஃகு 11.5 பங்கு. முனைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் இரண்டும் தனித்தனியாக விரிய முடியாது. அலுமினியம் தான் விரும்பிய அளவு நீள முடியாமல் எஃகால் தடுக்கப்படுகிறது. எஃகு தான் விரும்பியதைவிட அதிகமாக அலுமினியத்தால் நீட்டப்படுகிறது. இருவரும் சந்திக்கும் நீளம் எது என்பதையும் அதே விறைப்பு விகிதம் தீர்மானிக்கிறது: இரண்டு பங்கு அலுமினியத்தின் விருப்பம், ஒரு பங்கு எஃகின் விருப்பம். சராசரி எடுத்தால் 19.17 வருகிறது. வீசல் போன்ற 6/1 கம்பிகளுக்கு அட்டவணைகளில் அச்சாகியிருக்கும் எண் 19.1. இத்தனை எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு எப்போது பார்த்தாலும் மகிழ்ச்சிதான்.

விடிகாலை 25 பாகையில் 270 கிலோவில் இழுத்துக் கட்டிய கம்பி, நடுப்பகலில் வெயிலும் மின்னோட்டமும் சேர்ந்து 55 பாகைக்குச் சூடாகிறது என்போம். முதலில் மொத்த இழுப்பு தளர்கிறது. நீளம் கூடித் தொய்வு 21 சென்டிமீட்டரிலிருந்து 47-க்கு இறங்க, இழுப்பு 270-இலிருந்து சுமார் 122 கிலோவாகக் குறைகிறது. பழைய விகிதமே தொடர்ந்தால் எஃகுக்கு 41, அலுமினியத்துக்கு 81 கிலோ வரவேண்டும். ஆனால் விரிவின் ஏற்றத்தாழ்வால் சுமார் 25 கிலோ அலுமினியத்திலிருந்து எஃகுக்குக் கைமாறுகிறது. முடிவில் எஃகிடம் 66, ஆறு அலுமினிய இழைகளிடமும் சேர்த்து 56. காலையில் மூன்றில் ஒரு பங்கு சுமந்த எஃகு, மதியம் பாதிக்கு மேல் சுமக்கிறது.

இன்னும் சூடேறினால் ஒரு கட்டத்தில் அலுமினியத்தின் பங்கு பூஜ்யத்துக்கே வந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் அது 80 பாகைக்குப் பக்கத்தில். அதற்கு மேல் அலுமினியம் தளர்ந்து எஃகின்மேல் கிடக்கும். கம்பி முழுவதையும் தூக்கி நிற்பது எஃகு மட்டுமே. அந்த வெப்பநிலைக்குப் பிறகு கம்பி எஃகின் விரிவுக் குணத்தோடுதான் நீளும், தொய்வு கூடும் வேகமும் குறையும்.

இந்தக் கணக்குக்கு எல்லைகளும் உண்டு. இழைகள் நேராக இல்லை, முறுக்கியிருக்கின்றன. இழுக்கும்போது ஒன்றோடொன்று நெருங்கிப் படிகின்றன. அதனால் முழுக் கம்பியின் நெகிழ்ச்சிக் குணகம் நம் கணக்குப்படி 89 வரவேண்டிய இடத்தில், அட்டவணையில் 79 கிகாபாஸ்கல்தான் இருக்கிறது. தவிர, அலுமினியம் நீண்ட கால இழுப்பில் மெல்ல மெல்ல நிரந்தரமாக நீண்டுவிடும் இயல்புடையது. வருடங்கள் ஓட ஓட அது தன் பங்கை எஃகிடம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. இழுத்துக் கட்டிய நாளின் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம், பத்து வருடப் பழைய கம்பியில் அப்படியே இருக்காது.

கடலோரக் கம்யூன்களுக்கு இதில் தனியாக ஒரு கவலை இருக்கிறது. பாகூர்ப் பக்கம் உப்புக் காற்று வருடம் முழுவதும் வீசுகிறது. உப்பீரம் இழைகளுக்கிடையே புகுந்து முதலில் எஃகின் துத்தநாகப் பூச்சைத் தின்னும். பூச்சு போன பிறகு எஃகும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொள்ள, அரிப்பு வேகமெடுக்கும். நடு எஃகு ஓரிடத்தில் முழுக்க அரித்துப் போனால் என்ன ஆகும்?

தொய்வு மாறும், கீழிருந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி நடக்காது. அரிப்புக்கு இருபுறமும் சிறிது தூரத்திலேயே, சுற்றியிருக்கும் அலுமினிய இழைகள் எஃகை இறுக்கிப் பிடித்திருப்பதால் உராய்வின் வழியாகச் சுமை மறுபடியும் எஃகுக்குப் போய்விடுகிறது. அங்கெல்லாம் இரண்டும் சேர்ந்தே நீளுகின்றன. பொருத்தம் கெட்டது அந்த ஓரிடத்தில் மட்டும். மொத்த இழுப்பு அதே 270, தொய்வு அதே 21. ஆனால் அந்தச் சிறு துண்டில் ஆறு அலுமினிய இழைகளும் முழுச் சுமையையும் ஏற்று, இழைக்கு 30-க்குப் பதிலாக 45 கிலோ சுமக்கின்றன. ஓர் அலுமினிய இழை அறுந்துபோகச் சுமார் 90 கிலோ வேண்டும் என்பதால் சாதாரண நாளில் ஒன்றும் நடக்காது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. இப்படிப்பட்ட காற்றிலும் இழுப்பு உடையும் சுமையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. வீசலுக்கு அந்தப் பாதி ஏறத்தாழ 560 கிலோ. நல்ல கம்பிக்கு அது பெரிய விஷயமில்லை. எஃகு இழை தனியாகவே ஏறத்தாழ 700 கிலோ தாங்கும். ஆனால் எஃகு அரித்துப்போன இடத்தில் 560-ஐ ஆறால் வகுத்தால் இழைக்கு 93 கிலோ. தாங்குதிறன் 90. விதியை மீறாத அதே காற்றில், கம்பி சரியாக அந்த இடத்தில் அறுந்து வயலில் விழும்.

தொய்வு காட்டிக்கொடுக்காத குறையைக் கம்பியின் மேற்பரப்புதான் காட்டும். அரிப்பில் உண்டாகும் பொருள் அலுமினியத்தைவிட அதிக இடம் கேட்பதால், அந்த இடத்தில் கம்பி லேசாகப் புடைத்து நிற்கும். இழைகளின் இடுக்குகளில் வெள்ளைத் தூள் படியும். எஃகு துருப்பிடித்திருந்தால் பழுப்புக் கறை கசியும். மின்கம்பத்துக்கு அருகே, பிடிகளிலும் இணைப்புகளிலும் இவற்றைத் தேட வேண்டும். நீர் தங்குவதும் இழைகள் சற்றே விலகியிருப்பதும் அங்கேதான். நீர்த்துளி தங்கும் தொய்வின் அடிப்புள்ளியையும் விட்டுவிடக் கூடாது.

தடுக்கும் வழிகள் இரண்டு. கம்பி முறுக்கும்போதே எஃகைச் சுற்றிக் கிரீஸ் நிரப்பி உப்பீரத்தை வெளியே நிறுத்துவது ஒன்று. எஃகையே விட்டுவிட்டு, ஏழு இழைகளையும் ஒரே அலுமினியக் கலவையில் செய்வது மற்றொன்று. கடலோரப் பாதைகளில் இந்தக் கலவைக் கம்பிகளைப் பலரும் விரும்புகிறார்கள். ஏழும் ஒரே பருமன், ஒரே பொருள் என்பதால் இழுப்பு ஏழாகச் சமமாகப் பிரியும், வெயிலிலும் அந்தப் பங்கு மாறாது. ஆனால் விரிவை அடக்கிப் பிடிக்க நடுவில் எஃகு இல்லாததால், அந்தக் கம்பி பாகைக்கு 19.1 அல்ல, 23 பங்கு முழுவதும் நீளும். வயலில் அறுவடை இயந்திரம் போகும் உயரத்தைக் கணக்கிடும்போது அந்தக் கூடுதல் தொய்வுக்கும் இடம் விட்டாக வேண்டும்.