விருது எந்த நூலுக்கு?

சிறப்புரைக்கு முன் பேச்சாளரை அறிமுகம் செய்பவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அதில் ஒரு விருதைத் தவறாகச் சொல்லிவிட்டால், பேச வருபவர் முதலில் அதைத் திருத்த வேண்டியிருக்கும். அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டால், அவையில் இருப்பவர்கள் தவறான தகவலோடு வீடு திரும்புவார்கள்.

எழுத்தாளர் பெருமாள்முருகனை ஒரு கல்லூரி விழாவில் அறிமுகம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைத்த குறிப்பு, '2023இல் புக்கர் பரிசு பெற்றவர்' என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை அதுவல்ல. அவருடைய 'பூக்குழி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பான 'பைர்', அந்த ஆண்டு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பரிசு பல்கேரிய நாவல் ஒன்றுக்குப் போனது. அதே ஆண்டில் பெருமாள்முருகன் வென்றது ஜேசிபி இலக்கியப் பரிசு. அது 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்பான 'ஃபயர் பேர்ட்' நூலுக்குக் கிடைத்தது. முதல் நூலை மொழிபெயர்த்தவர் அனிருத்தன் வாசுதேவன், அடுத்ததை மொழிபெயர்த்தவர் ஜனனி கண்ணன். ஆண்டு ஒன்றாக இருப்பதால் இரண்டும் எளிதில் குழம்பிப்போகும்.

ஆகவே குறிப்பில் உள்ள ஒவ்வொரு விருதுக்கும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: தந்த அமைப்பு எது, ஆண்டு எது, நூல் எது, வென்றதா அல்லது பட்டியலில் இடம்பெற்றதா? பதிலைப் பரிசு தரும் அமைப்பின் அறிவிப்பிலேயே தேட வேண்டும். பழைய விழா அழைப்பிதழ்கள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. மூன்று அழைப்பிதழ்கள் ஒரே தகவலைச் சொன்னாலும் அவை மூன்று சான்றுகள் ஆகிவிடாது. நூல் வெளியான ஆண்டுக்கு முதல் பதிப்பின் விவரப் பக்கமே போதும்.

விழா அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. உரையின் தலைப்பு என்ன, இவரை ஏன் அழைத்தார்கள், கேட்கப்போகிறவர்கள் யார், அறிமுகத்துக்கு எத்தனை நிமிடம்? சேகரித்த தகவல்களில் எதை வைப்பது, எதை விடுவது என்பதை இந்தப் பதில்களே தீர்மானிக்கும். முதலாண்டு மாணவர்களிடம் நாவல் எழுதுவதைப் பற்றிப் பேச வருபவருக்கு முழு விருதுப் பட்டியல் தேவையில்லை.

கடைசியாகப் பேச்சாளர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்று தொடங்கினால் அவர் தன் குறிப்பையே திரும்ப ஒப்பிப்பார். "இந்தக் குறிப்பு எப்போது எழுதியது? இப்போதும் அதே பொறுப்பில் இருக்கிறீர்களா? பெயரை எப்படி எழுதுகிறீர்கள்? எதைச் சொல்ல வேண்டாம்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். பெருமாள்முருகன் தன் பெயரை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுகிறார்; பதாகை அச்சிடுபவருக்கும் அது தெரிய வேண்டும்.

பேச்சாளரின் நினைவும் ஆண்டுகளில் பிசகலாம். அவர் சொல்வதும் ஆவணமும் முரண்பட்டால் அவரிடமே காட்டிக் கேளுங்கள். அப்போதும் தெளியாத வரியை அடித்துவிட்டு, முடித்த அறிமுகத்தை விழாவுக்கு முதல் நாள் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.