கணினி அறை அறிவிப்பு: படங்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

நமது நூலகத்தின் கணினி அறைக் கதவில் நூலகர் ஒரு சிறு அறிவிப்பை ஒட்டியிருக்கிறார். “படத்தை வெட்டலாம், அளவு குறைக்கலாம், நேராக்கலாம். முகத்தை மாற்றக்கூடாது. சான்றிதழ் படத்தில் எழுத்தைத் தொடக்கூடாது. போகும்போது அழித்துவிட்டுப் போகவும்.” இவ்வளவுதான். பல பெற்றோர் காரணம் கேட்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நம் பிள்ளைகள் இந்த அறைக்குப் பெரும்பாலும் வருவது ஆன்லைன் விண்ணப்பத்துக்குத்தான். அங்கே தடுக்கி விழும் இடம் புகைப்படம். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்பதை எடுத்துக்கொள்வோம். புகைப்படம் 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும். 200 × 230 பிக்சல் அளவு விரும்பத்தக்கது. கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள். கைப்பேசியில் எடுத்த படமோ இரண்டு மூன்று எம்.பி. இருக்கும். அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது.

இதற்கு இணையத்தில் இலவசத் தளம் தேட வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளின் படத்தை முன்பின் தெரியாத தளத்துக்கு அனுப்பவும் தேவையில்லை. எல்லாக் கணினியிலும் Paint இருக்கிறது.

ஒரு சகோதரியின் படம் 3000 × 4000 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். Paint-இல் திறந்து, Select அழுத்தி, தலையும் தோளும் அடங்கும்படி இழுக்கவும். இழுக்கும்போதே கீழ்ப்பட்டையில் அளவு தெரியும். ஏறக்குறைய 2000 × 2300 வந்ததும் நிறுத்தி Crop கொடுக்கவும். பிறகு Resize, அதில் Pixels. Maintain aspect ratio என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். Horizontal என்ற இடத்தில் 200 என்று அடித்தால் Vertical தானாக 230-ஐ ஒட்டி வரும். 260, 270 என்று வந்தால் வெட்டியது நீளமாகிவிட்டது என்று பொருள். மறுபடி வெட்ட வேண்டும். டிக்கை எடுத்துவிட்டு 230 என்று வலிந்து அடித்தால் முகம் அகன்று போகும். இந்தக் குறுக்குவழிதான் இங்கே அதிகம் நடக்கிறது. Save as, JPEG picture என்று வேறு பெயரில் சேமித்தால் கீழ்ப்பட்டையில் கே.பி. தெரியும்.

சில நேரம் 12, 14 கே.பி. என்று மிகவும் சிறுத்துவிடும். அந்தச் சிறிய படத்தையே பெரிதாக்காதீர்கள், மங்கிவிடும். மூலப்படத்தை மறுபடி திறந்து, அதேபோல் வெட்டி, 300 × 345 ஆகக் குறைத்துப் பாருங்கள். விகிதம் மாறாது, கே.பி. கூடும்.

கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்டுப் படமெடுக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஐ.பி.பி.எஸ். ஏற்பதில்லை.

ஹிஜாப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது என்று சொல்லும் அதே விதிமுறை, மத வழக்கப்படியான தலைமறைப்பை அனுமதிக்கிறது. முகத்தை மறைக்கக்கூடாது என்பதே நிபந்தனை. ஆகவே எந்தச் சகோதரியும் இதற்காக முக்காட்டைக் கழற்ற வேண்டியதில்லை. துணியின் நிழல் நெற்றியிலோ கன்னத்திலோ விழாமல், வெளிச்சத்தைப் பார்த்து நின்று எடுத்தால் போதும்.

இனி கூடாதவை. நிறத்தை வெளுப்பாக்குவதும் கன்னத்தைச் சுருக்குவதும் கைப்பேசியில் ஒரு தட்டில் நடந்துவிடுகிறது. ஆனால் தேர்வு அறையில் நேரில் வந்தவரையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே சந்தேகம் வந்தால் படித்த படிப்பெல்லாம் வீண். படம் இருட்டாக இருந்தால் மறுபடி எடுப்பதே நல்லது.

சான்றிதழ் படத்தைத் திருப்பலாம், ஓரத்தை வெட்டலாம். பெயரில் ஒரு எழுத்து பிழையாக இருந்தாலும் அதை Paint-இல் திருத்தினால் அது போலி ஆவணம். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தில்தான் திருத்தி வாங்க வேண்டும்.

கடைசி வரியைத்தான் பலரும் படிப்பதில்லை. அடுத்து உட்காருபவர் Downloads திறந்தால் உங்கள் மகளின் படமும் ஆதாரும் அங்கே இருக்கும். சாதாரணமாக அழித்தால் அது Recycle Bin-க்குப் போகிறதே தவிர, அங்கிருந்து மீண்டும் எடுக்கலாம். கோப்பைத் தேர்ந்தெடுத்து Shift, Delete இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வெட்டிய படம், கையெழுத்து, மூலப்படம் மூன்றையும் தேடி அழிக்கவும். படத்தை வாட்ஸ்அப் வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்திருந்தால், ஜன்னலை மூடினால் மட்டும் இணைப்பு அறுந்துவிடாது. கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, Linked devices என்ற இடத்தில் நூலகக் கணினியைத் தொட்டு Log out கொடுத்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.