தீபாவளி இரவில் எடுத்த படமா?

இந்தக் கதையில் வரும் டீச்சரும் பிள்ளைகளும் கற்பனை. அவர்கள் கையில் இருக்கும் படம் நிஜம். பல ஆண்டுகளாக தீபாவளி தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படம் அது, உங்களுக்கும் வந்திருக்கும். கறுப்புப் பின்னணியில் இந்தியா. அதன்மேல் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு எனப் புள்ளிகள் மின்னும். கீழே ஒரு வரி: ‘தீபாவளி இரவில் இந்தியா. விண்வெளியிலிருந்து நாசா எடுத்த படம்.’

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் தன் நோட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்து கொண்டுவந்திருந்தாள். அறிவியல் டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். பாராட்டினார். பிறகு தன் கைபேசியில் அதே படத்தைத் திறந்து மேசை மேல் வைத்து, எல்லோரையும் சுற்றி நிற்கச் சொன்னார்.

“கீழே எழுதியிருக்கிறதை மறந்துடுங்க. படத்துல கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க.”

“விளக்கு, மிஸ்.” “கலர் கலரா இருக்கு, மிஸ்.”

“அகல் விளக்கு என்ன நிறத்துல எரியும்?”

“மஞ்சள். ஆனா பட்டாசு பச்சையாவும் சிவப்பாவும் வெடிக்குமே மிஸ்” என்றான் ஒருவன். நல்ல பதில். டீச்சர் அதைத் தள்ளிவிடவில்லை. “வெடிச்சா எவ்வளவு நேரம் நிக்கும்? ஒரு ஊர் முழுக்க ஒரே நேரத்துல சிவப்பு மட்டும் வெடிக்குமா?” என்று கேட்டுவிட்டு விட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஜன்னலோரம் நின்ற பெண் சொன்னாள்: “மிஸ், எங்கேயுமே மேகம் இல்லை. நமக்கு தீபாவளின்னா மழையாச்சே?”

ஐப்பசி வடகிழக்குப் பருவமழைக் காலம். காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே இரவில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருப்பது அபூர்வம். வெளியில் மழையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை எந்தக் கருவியும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டீச்சர் அங்கேயே நின்றுவிடவில்லை. “அபூர்வம்னா நடக்கவே நடக்காதுன்னு அர்த்தமா? இது சந்தேகம்தான். இன்னும் பதில் கிடைக்கலை.”

பதில் தேட, கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுத்தார். அதே படம் உள்ள பக்கங்கள் வரிசையாக வந்தன. பலவற்றில் அதே தீபாவளி வாசகம். “இத்தனை பேர் சொல்றாங்களே மிஸ், அப்ப சரிதானே?” என்றான் ஒருவன்.

பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நூறு பக்கங்கள் ஒரே வரியைப் படியெடுத்திருந்தால் அவை நூறு சாட்சிகள் ஆகிவிடாது. “இதுல யாரு படத்தை எடுத்தவங்க பேரைச் சொல்றாங்க? எந்தக் கருவி, எந்த வருஷம்னு யாரு சொல்றாங்க? அந்தப் பக்கத்தைத் தேடுங்க” என்றார் டீச்சர்.

கிடைத்தது நாசாவின் புவி ஆய்வுப் பக்கம். படத்தைத் தயாரித்தவர் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவைச் சேர்ந்த விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ். ஆண்டு 2003. அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பதிந்த இரவு வெளிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காலப்போக்கில் மக்கள்தொகை பெருகியதைக் காட்ட அவர் செய்தது அது. 1992க்கு முன்பே தெரிந்த வெளிச்சத்துக்கு வெள்ளை; 1992இல் புதிதாகத் தெரிந்ததற்கு நீலம்; 1998க்குப் பச்சை; 2003க்குச் சிவப்பு. நிறங்கள் விளக்கினுடையவை அல்ல, விஞ்ஞானி பூசியவை. ஓர் இரவின் படமே இல்லாததால், ஓர் இரவின் மேகத்தை அதில் தேடவும் முடியாது.

“அப்ப சிவப்பா இருக்கிற ஊர்ல முன்னாடி கரண்டே இல்லையா மிஸ்?”

“செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வெளிச்சம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

நிஜமான தீபாவளிக்கால இரவுப் படமும் உண்டு. 2012 நவம்பர் 12 அன்று சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோள் எடுத்தது. அதில் வண்ணக் கோலாகலம் ஏதும் இல்லை. நகரங்கள் எந்த நாளும் எரிகிற தெருவிளக்குகளின் வெளிச்சம்தான் தெரிகிறது. பண்டிகையால் கூடும் வெளிச்சம் மிகக் குறைவு. விண்வெளியிலிருந்து பார்த்தால் அநேகமாகத் தெரியவே தெரியாது என்கிறது நாசா.

இந்தப் படத்தில் ஒட்டு வேலை எதுவும் நடக்கவில்லை. நிழல் சரியாக விழுகிறதா, ஓரம் பிசிறுகிறதா என்று மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் சிக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் எத்தனையோ படங்கள் இந்த வகைதான்: பழைய வெள்ளம் புது வெள்ளமாகவும், வேறு ஊர்க் கலவரம் நம்மூர்க் கலவரமாகவும் வரும். படம் ஒருவருடையது, கீழே உள்ள வரி வேறொருவருடையது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதைத்தான் டீச்சர் முதல் வேலையாகச் செய்ய வைத்தார்.

படம் வரைந்து வந்த மாணவிக்கு அதை அனுப்பியவர் அவளுடைய பெரியப்பா. குடும்பக் குழுவில் போட ஒரு பதில் எழுதி டீச்சரிடம் நீட்டினாள்: ‘பெரியப்பா, இது போலிப் படம்.’

டீச்சர் ‘போலி’யின் கீழ் கோடு போட்டார். “படமா போலி?”

அவள் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்: ‘பெரியப்பா, படம் உண்மைதான். ஆனா தீபாவளி அன்னிக்கு எடுத்தது இல்லை. எந்த வருஷத்துல எந்த ஊர் வெளிச்சம் தெரிய ஆரம்பிச்சதுன்னு காட்ட, 2003ல ஒரு விஞ்ஞானி செஞ்சது. நம்ம ஊர் எந்தக் கலர்ல இருக்குன்னு பாருங்க.’