இரண்டு போஸ்டர், ஒரு படம்

கும்பாபிஷேக போஸ்டர் ஒன்று விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டு விதமாகச் சுற்றுகிறது. முதலில் வந்ததில் தலைப்பு பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அடியில் உபயதாரர்கள் சிலரின் பெயர் விட்டுப்போயிருக்கிறது. பிறகு வந்ததில் பெயர்களெல்லாம் சரி, தலைப்பைத்தான் யாரோ சுருக்கிவிட்டார்கள். “அதோட தலைப்பையும் இதோட அடிப்பகுதியையும் சேர்த்துக் குடுத்துடுங்க தம்பி” என்று தலைவர் டிசைன் போடும் இளைஞரிடம் சொல்கிறார்.

மூல ஃபைலைத் திறந்து திருத்துவதுதான் முறை. பெரும்பாலும் அது கையில் இருக்காது. இருந்தாலும், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். ஆக, மிஞ்சுவது இரண்டு ஜேபெக் படங்கள்தான்.

பலரும் அடிப்பகுதியை மட்டும் வெட்டி, முதல் படத்தின் கீழே ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரியும். இரண்டு பக்க பார்டரும் ஒன்றோடொன்று சேராது. காரணம் எளிது: வெட்டி எடுத்த துண்டில், அது எங்கே, எந்த அளவில் உட்கார வேண்டும் என்று காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. அந்த அடையாளம் போஸ்டரின் நடுவில், இரண்டிலும் பொதுவாக உள்ள கோபுரப் படத்தில் இருக்கிறது. அதனால் வெட்டாமல், இரண்டாவது போஸ்டரை முழுசாகவே முதலாவதன் மேல் தனி லேயராகப் போட வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதைச் செய்யலாம்.

முதல் படம் 1080-க்கு 1350 பிக்சல், இரண்டாவது 1280-க்கு 1600 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஒன்றே என்பதால் பெரியதை 1080 அகலத்துக்குச் சுருக்கினால் போதும். சிறியதைப் பெரிதாக்கினால் தலைப்பு எழுத்துகளின் ஓரம் மங்கிவிடும். அளவு ஒன்றானாலும் வேலை முடிந்துவிடாது. யாராவது ஓரத்தைக் கத்தரித்திருந்தால், உள்ளே இருக்கும் கோபுரம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான வழி உண்டு. மேல் லேயரின் கலப்பு முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்ற வேண்டும். ஒரே நிறம் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். ஒரு பிக்சல் விலகியிருந்தாலும் கோபுரத்தின் விளிம்பு வெள்ளைக் கோடாக மினுங்கும். அம்புக்குறிச் சாவியால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தினால் அந்தக் கோடு மறையும். இடது பக்கம் கறுத்து, வலது பக்கம் மட்டும் கோடு நின்றால் தவறு இடத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. முழுக் கறுப்பு வருவதில்லை. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் மெல்லிய புள்ளிகள் மிஞ்சும்.

பொருந்தியதும் கலப்பு முறையைப் பழையபடி ‘நார்மல்’ ஆக்கி, மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, அதன் மேல்பாதியில் கறுப்புப் பூச வேண்டும். பூசிய இடத்தில் அடியில் உள்ள முதல் போஸ்டரின் தலைப்பு எட்டிப் பார்க்கும். இணைப்பை அடிப்பகுதி எழுத்துகளை ஒட்டி வைக்கவே கூடாது. மென்மையான பிரஷ் எழுத்தில் பட்டால் அது பாதி கரைந்து நிற்கும். கோபுரப் படத்தின் நடுவில் வைப்பதே நல்லது. அங்கே இரண்டு படமும் ஒன்றேதான் என்பதால் இணைப்பு எங்கே என்று கண் கண்டுபிடிக்காது.

ஆனாலும் நிறம் காட்டிக்கொடுக்கலாம். பலமுறை சேமித்த படத்தில் மெரூன் சற்று வெளிறியிருக்கும். இரண்டு லேயரிலும் பின்னணியின் ஒரே இடத்தை ஐட்ராப்பரால் தொட்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்றில் சிவப்பு 122, மற்றதில் 130 என்றால் மேல் லேயருக்கு மட்டும் கர்வ்ஸ் போட்டு இறக்கலாம். மெரூன் மேல் மஞ்சள் எழுத்தைச் சுற்றித் தெரியும் அழுக்கு வேறு விஷயம். ஜேபெக் பொதுவாக வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால் வருவது அது. ஷார்ப்பன் செய்தால் இன்னும் கூடும்.

எழுத்தையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். தலைப்பில் உள்ள தேதியும் அடியில் உள்ள யாகசாலை பூஜைத் தேதியும் வெவ்வேறு நாளில் திருத்தப்பட்டிருக்கலாம்.

முடித்த படத்தை பிஎன்ஜி-யாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மறுபடி சுருங்காது. ஃபோனில் பார்க்க இது தாராளம். சுவரில் ஒட்ட வேண்டுமென்றால் கதை வேறு: அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 1080 பிக்சல் 3.6 அங்குலத்துக்குத்தான் வரும். அச்சுக்கு இந்தப் படத்தை மாதிரியாக அடியில் வைத்து, எழுத்துகளை அதன்மேல் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கோபுரத்துக்கும் பெரிய ஃபோட்டோவைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.